படம் முழுக்கப் பச்சையா, ஊதாவா? டிவியிலும் மானிட்டரிலும் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

திரையின் ஒரு மூலையில் மட்டும் நிறம் மாறியிருந்தால் அது வேறு பிரச்சினை. இங்கே பார்க்கப்போவது மேலிருந்து கீழ்வரை, முகம், சட்டை, வானம், எழுத்து என எல்லாவற்றின்மேலும் ஒரே பச்சையோ ஊதாவோ பூசினாற்போல் தெரிகிற கோளாறு. இதற்குப் பெரும்பாலும் நான்கு காரணங்களில் ஒன்றுதான் இருக்கும். அமைப்புகளில் நிறம் மாறியிருக்கலாம், கேபிள் பழுதாகியிருக்கலாம், அனுப்பும் கருவியும் திரையும் நிறத்தை வேறு வேறு முறையில் புரிந்துகொண்டிருக்கலாம், அல்லது திரைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி விளக்குகள் கெட்டிருக்கலாம்.

நிறம் மாறியதும் பலரும் ரிமோட்டை எடுத்து Color Temperature என்ற இடத்துக்குத்தான் முதலில் போகிறார்கள். பச்சைக்கும் ஊதாவுக்கும் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் எதையும் மாற்றாமல் வெறுமனே பார்க்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

டிவி அல்லது மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்துகொள்ளுங்கள். செட்டாப் பாக்ஸின் மெனு இல்லை, திரையின் சொந்த மெனு. அதில் உள்ள வெள்ளை எழுத்து வெள்ளையாகத்தான் இருக்கிறதா? அந்த மெனுவைத் திரையே வரைந்துகொள்கிறது, கேபிள் வழியாக அது வருவதில்லை. ஆகவே மெனு சுத்தமாக இருந்து, பின்னால் ஓடும் படம் மட்டும் நிறம் மாறியிருந்தால் சந்தேகம் கேபிள், அனுப்பும் கருவி, நிற அமைப்பு ஆகியவற்றின் பக்கம் போகிறது. மெனுவும் சேர்ந்து ஊதாவாகத் தெரிந்தால் கேபிளை மாற்றிப் பயனில்லை. ஒரு சிறிய எச்சரிக்கை: சில டிவிகளில் பட அமைப்புகள் மெனுவைப் பாதிப்பதே இல்லை. அதனால் மெனு நன்றாக இருக்கிறது என்பதை வைத்து அமைப்புகளில் தவறில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அடுத்து, வேறொரு வழியில் படத்தைக் கொண்டுவந்து பாருங்கள். செட்டாப் பாக்ஸ் பச்சையாக வந்தால், டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப்பில் ஒரு வீடியோவை ஓடவிடலாம், அல்லது பென் டிரைவில் ஒரு போட்டோவைச் செருகலாம். அங்கே நிறம் சரியாக இருந்தால் பேனலுக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருக்கலாம். லேப்டாப் என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைப் போனில் பாருங்கள். போனில் சாயம் தெரிந்தால் அது லேப்டாப்பில் ஓடும் படத்திலேயே இருக்கிறது. தெரியாவிட்டால் சாயம் அதற்குப் பிறகு ஏறியிருக்கிறது.

ஒரே ஒரு படக் கோப்பு மட்டும் பச்சை ஊதாவாக ஓடி, மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் கேபிளைத் தொடவே வேண்டாம். டால்பி விஷன் ப்ரொஃபைல் 5 என்ற வகையில் உருவான கோப்புகள், டால்பி விஷன் தெரியாத பிளேயரில் ஓடினால் அப்படித்தான் தெரியும். அதே படத்தின் சாதாரண பதிப்புதான் அதற்கு வழி.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியதுதான் முக்கியமானது. கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஓடவிடுங்கள். பழைய கறுப்பு வெள்ளைத் திரைப்படம் எதுவானாலும் போதும். அதில் கறுப்பு என்ன நிறமாகத் தெரிகிறது, வெள்ளை என்ன நிறமாகத் தெரிகிறது, நடுவில் உள்ள சாம்பல் என்ன நிறமாகத் தெரிகிறது என்று தனித்தனியாகக் கவனியுங்கள். கீழே வரும் எல்லாமே இந்தக் கேள்விகளின் பதிலைப் பொறுத்துத்தான்.

கறுப்பு வெள்ளைப் படம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் வண்ணப் படத்தில் முகங்கள் மட்டும் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிகின்றன என்றால் விஷயம் சின்னது. Tint அல்லது Hue என்ற அமைப்பை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். சில டிவிகளில் அது Tint (G/R) என்று இருக்கும். அந்த அமைப்பு நிறங்களைச் சுழற்றும், நிறமே இல்லாத சாம்பலை ஒன்றும் செய்யாது. அதை நடுவுக்குக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது.

கறுப்பு வெள்ளைப் படத்திலேயே சாயம் இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

கறுப்பும் வெள்ளையும் வேறு வேறு நிறமாக இருந்தால்

வெள்ளை ஒரு நிறம், கறுப்பு அதற்கு எதிர் நிறம் என்று தெரிந்தால் அது பெரும்பாலும் அமைப்புப் பிழைதான், உடைந்த பாகமாக இருப்பது அபூர்வம். மெக்கானிக்குகளே கூட இதைப் பார்த்துவிட்டு ‘பேனல் போச்சு’ என்று சொல்லிவிடுவதுண்டு.

எச்டிஎம்ஐ வழியாக நிறம் இரண்டு விதமாகப் போகலாம். ஒன்று RGB. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி அளவாகப் போகும். மற்றொன்று YCbCr. இதில் வெளிச்சம் ஒரு வரிசையிலும், நீல வேறுபாடும் சிவப்பு வேறுபாடும் மற்ற இரண்டு வரிசைகளிலும் போகும். அனுப்புகிறவர் ஒன்றாக அனுப்பி, வாங்குகிறவர் மற்றொன்றாகப் படித்தால் படத்தின் வடிவம் கெடாது. எழுத்தெல்லாம் தெளிவாகப் படிக்கலாம். நிறம் மட்டும் தாறுமாறாகும்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். பழைய கம்ப்யூட்டரின் 22 இன்ச் மானிட்டர் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. அதில் இருப்பது டிவிஐ சாக்கெட் மட்டும். ஆண்ட்ராய்டு பாக்ஸ் ஒன்று வாங்கி, எச்டிஎம்ஐ-டிவிஐ கேபிள் போட்டு இணைக்கிறார்கள். படம் வருகிறது. ஆனால் இரவுக் காட்சியெல்லாம் ஊதா, பகல் காட்சியெல்லாம் பச்சை. கேபிளை மாற்றினாலும் அதேதான்.

நடந்தது இதுதான். பாக்ஸ் YCbCr அனுப்புகிறது. டிவிஐ மானிட்டருக்கு RGB மட்டுமே தெரியும். YCbCr முறையில் கறுப்பு என்பது வெளிச்சம் 16, இரண்டு நிற வேறுபாடுகளும் 128. நிறமே இல்லாதபோதும் அந்த இரண்டும் 128-இல்தான் நிற்கும், ஏனென்றால் அதுதான் அவற்றின் நடுப்புள்ளி. மானிட்டரோ வெளிச்ச வரிசையைப் பச்சை என்றும், மற்ற இரண்டையும் சிவப்பு, நீலம் என்றும் எடுத்துக்கொள்கிறது. ஆக சிவப்பு 128, பச்சை 16, நீலம் 128. பாதி சிவப்பும் பாதி நீலமும் சேர்ந்தால் ஊதா. வெள்ளையை எடுத்துக்கொண்டால் வெளிச்சம் 235, மற்றவை அதே 128. பச்சை மற்ற இரண்டையும் மிஞ்சிவிடுகிறது, வெள்ளை பச்சையாகிறது.

இதைத் தலைகீழாகவும் காணலாம். கருவி RGB அனுப்பி, திரை அதை YCbCr என்று படித்தால் கறுப்பு பச்சையாகவும் வெள்ளை ரோஸ் கலந்த ஊதாவாகவும் தெரியும். அதாவது, கறுப்பு ஊதாவாக இருந்தால் அனுப்புவது YCbCr. கறுப்பு பச்சையாக இருந்தால் அனுப்புவது RGB. எந்தப் பக்கம் மாற்ற வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அந்த ஆண்ட்ராய்டு பாக்ஸில் செய்ய வேண்டியது Display பகுதிக்குப் போய், நிற முறையை (மெனுவில் Color Space அல்லது Color Format என்று இருக்கும்) RGB-க்கு மாற்றுவது. மெனு பச்சையாகத் தெரிந்தாலும் எழுத்தைப் படிக்க முடியும் என்பதால் இது சிரமமில்லை. சில செட்டாப் பாக்ஸ்களில் இப்படி ஒரு தேர்வே இருக்காது. அப்போது அந்தப் பாக்ஸும் அந்த மானிட்டரும் ஒத்துப்போகாது, எச்டிஎம்ஐ சாக்கெட் உள்ள திரைதான் தேவை.

லேப்டாப்பிலிருந்து என்விடியா கார்டு வழியாகப் போகிறது என்றால், NVIDIA Control Panel-இல் Change resolution பக்கத்தில் Output color format என்று இருக்கும். அதில் RGB-ஐத் தேர்ந்தெடுங்கள். ஏஎம்டி மென்பொருளில் இதே வேலையைச் செய்வது Pixel Format. பக்கத்திலேயே Full, Limited என்று இன்னொரு தேர்வும் இருக்கும். அது தவறாக இருந்தால் கறுப்பு வெளுத்துப்போகும், அல்லது இருட்டில் உள்ள விவரம் மறையும். பச்சை ஊதாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மானிட்டர் பக்கத்திலும் இந்தத் தவறு நடக்கும். டெல் மானிட்டர்கள் பலவற்றின் மெனுவில் Input Color Format என்று ஒன்று உண்டு, அதில் RGB, YCbCr போன்ற முறையான YPbPr என்று இரண்டு தேர்வுகள். பொத்தான்களைத் துடைக்கும்போது கை பட்டு YPbPr-க்கு மாறினால் போதும், திரை முழுக்க ரோஸும் பச்சையும்தான். கம்ப்யூட்டருக்கு RGB-யிலேயே இருக்கட்டும்.

அமைப்பு எதையும் யாரும் தொடவில்லை, நேற்றுவரை நன்றாக ஓடியது, கரன்ட் போய் வந்தபின் இப்படி ஆகிவிட்டது என்றால், இரண்டு கருவிகளும் பேசிக்கொள்வதில் தடுமாறியிருக்கின்றன என்று பொருள். என்ன முறையில் அனுப்புகிறேன் என்ற தகவலையும் கருவி படத்தோடு சேர்த்தே அனுப்புகிறது. அது சரியாகப் போய்ச் சேராவிட்டால் இப்படி ஆகும். டிவி, பாக்ஸ் இரண்டையும் ரிமோட்டில் இல்லாமல் சுவர் சுவிட்சில் அணைத்து, எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றி, ஒரு நிமிடம் விட்டு, கேபிளைச் செருகி, முதலில் டிவியையும் பிறகு பாக்ஸையும் போடுங்கள். பல நேரம் இதிலேயே சரியாகிவிடும். அடிக்கடி திரும்ப வந்தால் மட்டும் வேறு கேபிளும் டிவியின் வேறு எச்டிஎம்ஐ சாக்கெட்டும் முயன்று பாருங்கள்.

கேபிள்: விஜிஏ-வும் எச்டிஎம்ஐ-யும் ஒரே மாதிரி கெடுவதில்லை

படம் முழுக்க ஒரே சாயம், அதுவும் கறுப்பு மட்டும் கறுப்பாகவே இருக்கிறது, வெள்ளையும் சாம்பலும் ஒரே நிறம் ஏறியிருக்கின்றன என்றால், மூன்று நிறங்களில் ஒன்று வந்து சேரவில்லை. நீல முனை கொண்ட, இரண்டு பக்கமும் திருகு போடுகிற பழைய விஜிஏ கேபிளில் இது அன்றாடக் கோளாறு. பழைய புரொஜெக்டர் இருக்கும் எந்த வகுப்பறையிலும் இதைப் பார்க்கலாம்.

விஜிஏ முனையில் மூன்று வரிசையில் 15 ஊசிகளுக்கு இடம் உண்டு. முதல் ஊசி சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலம். பச்சை அறுந்தால் வெள்ளை ஊதாவாகும். சிவப்பு அறுந்தால் வெள்ளை நீலப்பச்சையாகும், பலர் அதையும் ‘பச்சை அடிக்கிறது’ என்றுதான் சொல்வார்கள். நீலம் அறுந்தால் மஞ்சள். ஆகவே திரை ஊதாவாக இருந்தால் நேராக இரண்டாவது ஊசியைப் பாருங்கள்.

இரண்டு பக்கத்தையும் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். ஊசி வளைந்து பக்கத்தில் சாய்ந்திருந்தால் மெல்லிய இடுக்கியால் நிமிர்த்தலாம். ஒரே தடவையில் மெதுவாகச் செய்ய வேண்டும், இரண்டு மூன்று முறை வளைத்து நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். நடு வரிசையில் ஓர் ஊசி இல்லாமலே இருப்பதைப் பார்த்து பயப்பட வேண்டாம், ஒன்பதாவது ஊசி இல்லாமல் வரும் கேபிள்கள் நிறைய உண்டு.

ஊசிகள் நேராக இருந்தால், படம் ஓடும்போதே கேபிளை முனைக்குப் பக்கத்தில் பிடித்து மெல்ல அசையுங்கள். நிறம் வந்து வந்து போனால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் கன்டினியூட்டியில் வைத்து, ஒரு முனையின் இரண்டாவது ஊசியையும் மறு முனையின் இரண்டாவது ஊசியையும் தொட்டுப் பாருங்கள். பீப் சத்தம் வராவிட்டால் கேபிளைத் தூக்கிப் போட்டுவிடலாம். சத்தம் வந்தும் நிறம் வராவிட்டால் சாக்கெட்டின் சால்டர் விட்டிருக்கலாம், வேறு மானிட்டரில் போட்டுப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரியும். கேபிளை மாற்றிய பிறகும் லேசாகச் சாயம் மீதமிருந்தால், மானிட்டர் மெனுவில் Auto Color இருக்கிறதா என்று பாருங்கள். அதை அழுத்தும்போது திரையில் நல்ல வெள்ளையும் நல்ல கறுப்பும் இருக்க வேண்டும். இருட்டான வால்பேப்பரை வைத்துக்கொண்டு அழுத்தினால் மானிட்டர் தப்புக்கணக்குப் போட்டுப் புதிதாக ஒரு சாயத்தைக் கொண்டுவரும்.

எச்டிஎம்ஐ கேபிள் அப்படியில்லை. அது கெட்டால் வெள்ளைப் புள்ளிகள் மினுமினுக்கும், கோடு கோடாக வரும், படம் விட்டு விட்டுக் கறுத்துப்போகும், அல்லது ‘சிக்னல் இல்லை’ என்று வரும். புள்ளி, மினுக்கல் எதுவும் இல்லாமல், அமைதியாக, சீராகப் படம் முழுக்க ஒரே நிறம் ஏறுவது எச்டிஎம்ஐ கேபிள் கோளாறாக இருப்பது அபூர்வம். இருந்தாலும் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கேபிளை வாங்கிச் செருகிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. கடையில் விலை உயர்ந்த ‘தங்க முலாம்’ கேபிளை இதற்காக வாங்குவதில்தான் நஷ்டம்.

கலர் டெம்பரேச்சர் ஏன் உதவாது

Color Temperature என்ற அமைப்பு ஒரே கோட்டில்தான் நகரும். ஒரு முனை நீலம், மறு முனை மஞ்சளும் சிவப்பும் கலந்த வெதுவெதுப்பு. Cool வைத்தால் நீலம், Warm வைத்தால் மஞ்சள். திரைப்படமும் டிவி நிகழ்ச்சியும் சுமார் 6500 கெல்வின் வெள்ளையை அடிப்படையாக வைத்து உருவாகின்றன, டிவியில் Warm வகைத் தேர்வுகள்தான் பெரும்பாலும் அதற்குப் பக்கத்தில் இருக்கும். பச்சையும் ஊதாவும் இந்தக் கோட்டுக்குக் குறுக்கே போகிற இன்னொரு திசையில் இருக்கின்றன. அதனால் Cool-இலிருந்து Warm-க்கு மாற்றினால் பச்சைச் சாயம் மஞ்சள் பச்சையாகும், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயத்தை இங்கேயே முடித்துவிடுவது நல்லது. பட முறை Vivid அல்லது Dynamic என்று இருந்தால் Standard அல்லது Movie-க்கு மாற்றி, பட அமைப்புகளை மட்டும் ரீசெட் செய்யுங்கள். டிவி முழுவதையும் ரீசெட் செய்ய வேண்டாம், வைஃபை பாஸ்வேர்டெல்லாம் போய்விடும். லேப்டாப் என்றால் Night light அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிலருக்கு ரீசெட்டிலேயே படம் திரும்பிவிடும்.

ஒயிட் பேலன்ஸை நேரடியாகத் தொடுவது

ரீசெட் செய்தும் கறுப்பு வெள்ளைப் படத்தில் லேசான பச்சையோ ஊதாவோ மீதமிருக்கிறது, மற்றச் சோதனைகளும் முடிந்துவிட்டன என்றால் மட்டும் White Balance பகுதிக்கு வாருங்கள். மேம்பட்ட பட அமைப்புகளுக்குள் இது இருக்கும். சோனியில் Gain, Bias என்றும், சாம்சங்கில் Gain, Offset என்றும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள். Gain என்பது வெளிச்சமான பகுதிக்கு, Offset அல்லது Bias என்பது இருட்டான பகுதிக்கு.

டிவி அரை மணி நேரம் ஓடியபின் தொடங்குங்கள், சூடேறும்வரை நிறம் கொஞ்சம் நகர்ந்துகொண்டே இருக்கும். இப்போதுள்ள ஆறு எண்களையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பிலிருந்து வெள்ளைவரை படிப்படியாக மாறும் சாம்பல் பட்டைகள் கொண்ட ஒரு படத்தைத் திரையில் வையுங்கள். அறைச் சுவருக்கு அழுத்தமான பச்சை பெயின்ட் அடித்திருந்தால் கண் அதற்குப் பழகித் திரையைச் சற்று ரோஸாகக் காட்டும். அதனால் இந்த வேலையை விளக்கை அணைத்துவிட்டுச் செய்வது நல்லது.

வெளிச்சமான பட்டைகள் பச்சையாக இருந்தால் பச்சையின் Gain-ஐ இரண்டிரண்டாகக் குறையுங்கள். ஊதாவாக இருந்தால் பச்சையை ஏற்றத் தோன்றும், அப்படிச் செய்ய வேண்டாம். சிவப்பையும் நீலத்தையும் சமமாகக் குறையுங்கள். ஏற்றினால் மிகப் பிரகாசமான பகுதிகளில் அந்த நிறம் உச்சத்தை முட்டி நின்றுவிடும், மேகம், வெள்ளை வேட்டி போன்றவற்றில் விவரம் போகும். பிறகு இருட்டான பட்டைகளைப் பாருங்கள். அங்கே Offset-ஐ ஒவ்வொன்றாக மட்டும் நகர்த்துங்கள், ஓர் எண்ணே இருட்டில் பெரிதாகத் தெரியும். அதை மாற்றியதும் வெளிச்சப் பகுதி லேசாக நகர்ந்திருக்கும், ஆகவே திரும்ப Gain-க்கு ஒருமுறை போய்ச் சரிபார்க்க வேண்டும்.

கண்ணால் இதைக் கச்சிதமாகச் செய்ய முடியாது. ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தால் கண் எந்தச் சாயத்தையும் வெள்ளை என்று ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவில் பார்வையை வேறு பக்கம் திருப்புங்கள். சாயம் கண்ணை உறுத்தாமல் போனதும் நிறுத்திக்கொள்ளுங்கள். போட்டோ வேலைக்கு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு அளவுக்கருவிதான் வழி. எண்களை 20, 30 என்று நகர்த்தியும் சாயம் போகவில்லையென்றால் அது அமைப்பில் தீரும் பிரச்சினை இல்லை.

மெனுவும் ஊதாவாக இருந்தால்

இது பெரும்பாலும் நீலம் கலந்த ஊதாவாக இருக்கும், ஒரே நாளில் வராது, மாதக்கணக்கில் மெல்ல ஏறும். டிவி போட்டதும் வரும் கம்பெனி லோகோவிலேயே தெரியும். திரைக்குப் பின்னால் உள்ள வெள்ளை எல்இடி உண்மையில் நீல எல்இடிதான், அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர்தான் அதை வெள்ளையாக்குகிறது. பல வருடச் சூட்டில் அந்தப் பூச்சு கெட்டாலோ உதிர்ந்தாலோ நீலம் அப்படியே வெளியே வருகிறது. White Balance-இல் நீலத்தைக் குறைத்துக் கொஞ்சநாள் ஓட்டலாம், ஆனால் படம் மங்கும், சாயமும் மேலும் ஏறும். Backlight அளவைக் குறைத்து வைத்தால் சூடு குறைந்து, கெடும் வேகமும் குறையும்.

சரியான தீர்வு பேக்லைட் ஸ்ட்ரிப் மாற்றுவது. பேனல் மாற்றுவது இல்லை. மெக்கானிக் பேனல் விலை சொன்னால் ஸ்ட்ரிப் மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். டிவியைத் திறந்து பேனல் கண்ணாடியைத் தூக்கி வைக்க வேண்டிய வேலை இது, கண்ணாடி கொஞ்சம் வளைந்தாலும் உடைந்துவிடும், அதனால் பழக்கமில்லாதவர்கள் வீட்டில் முயல வேண்டாம். டிவியின் பின்னால் ஒட்டியுள்ள மாடல் எண்ணை முழுதாகக் கொடுத்து, அதற்குரிய ஸ்ட்ரிப்பையே வாங்கச் சொல்லுங்கள், எல்இடியின் வோல்டேஜ் மாடலுக்கு மாடல் மாறும். எல்லா ஸ்ட்ரிப்பையும் ஒன்றாக மாற்றச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அந்தப் பட்டை வெள்ளையாகவும் மற்ற இடமெல்லாம் ஊதாவாகவும் தெரியும், அதை எந்த அமைப்பாலும் சமன்செய்ய முடியாது.